ஒரே டைக்கிரி, இரண்டு கைகள்

ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகிய மூன்றையும் ஐஸுடன் குலுக்கி வடித்தால் கிடைப்பது டைக்கிரி. கியூபாவின் சாண்டியாகோ நகருக்கு அருகே உள்ள ஓர் ஊரின் பெயர் இது. 1890களின் இறுதியில் அங்கிருந்த இரும்புச் சுரங்கத்தில் வேலைபார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை உருவாக்கியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பால், முட்டை, நுரை, வண்ணம் என்று குறையை மறைக்க இதில் எதுவும் கிடையாது. சாறு கொஞ்சம் கூடினாலும் பாகு கொஞ்சம் குறைந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். புதிதாகச் சேரும் பார்டெண்டரை ஒரு டைக்கிரி போடச் சொல்லிச் சோதிக்கும் வழக்கம் பல பார்களில் உண்டு. காக்டெயில் எப்படிக் கட்டப்படுகிறது, ஒரே குறிப்பு இரண்டு பேர் கையில் ஏன் இரண்டு சுவையாகிறது என்பதை இந்த ஒரு பானத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அடிப்படைச் சட்டகம்

1806ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் வெளியான ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் எழுதியது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற நான்கும் சேர்ந்தது என்பது அந்தப் பதில். பிட்டர்ஸ் என்பது வேர், பட்டை, மசாலாப் பொருள்களைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு. சில சொட்டுகளே போதும். இன்று ஓல்டு ஃபேஷன்ட் என்று கேட்டு வாங்கப்படும் பானம் ஏறக்குறைய அந்த நான்கும்தான். விஸ்கி, கொஞ்சம் பாகு, இரண்டு உதறல் பிட்டர்ஸ், ஐஸிலிருந்து இறங்கும் தண்ணீர்.

கசப்பு இருக்கும் இடத்தில் புளிப்பு வந்தால் அது சவர் எனப்படும் குடும்பம். டைக்கிரி, மார்கரிட்டா, விஸ்கி சவர் எல்லாம் இதைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மூன்று தூண்கள்: மது, புளிப்பு, இனிப்பு. நான்காவதாக, குறிப்பில் எழுதப்படாமலே கிளாஸில் வந்து சேர்வது தண்ணீர்.

இந்த மூன்றின் விகிதத்தில் உலகம் ஒத்துப்போனதில்லை. 1948இல் வெளியான தன் நூலில் டேவிட் எம்பரி, மது 8 பங்கு, புளிப்பு 2 பங்கு, இனிப்பு 1 பங்கு என்று வைத்தார். இன்றைய நாக்குக்கு அது மது மிகுந்த பானம். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் டைக்கிரிக் குறிப்பில் 60 மில்லி ரம், 20 மில்லி சாறு, நீண்ட பார் கரண்டியால் இரண்டு கரண்டி பொடிச் சர்க்கரை இருக்கின்றன. இரண்டுமே தவறல்ல. ஆனால் ஒரு பாரில் ஒருவர் எம்பரியின் கணக்கிலும் இன்னொருவர் சங்கத்தின் கணக்கிலும் கலக்கினால் வாடிக்கையாளருக்குக் கிடைப்பவை ஒரே பெயர் கொண்ட இரண்டு பானங்கள். எனவே ஒவ்வொரு பாரும் தனக்கென ஓர் அளவைத் தேர்ந்து எழுதிவைக்க வேண்டும். இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் அளவு இது:

வெள்ளை ரம் – 60 மில்லி
அன்று பிழிந்த எலுமிச்சைச் சாறு – 25 மில்லி
எடைக்கு எடை சர்க்கரைப் பாகு – 20 மில்லி

கட்டும் முறை

ஷேக்கருக்குள் முதலில் சாறு, அடுத்து பாகு, கடைசியில் ரம் என்று ஊற்றுவது வழக்கம். விலை குறைந்தது முதலில், விலை கூடியது கடைசியில். நடுவில் கை தவறினால் கீழே கொட்ட வேண்டியது சாறும் பாகுமே, ரம் வீணாகாது. ஐஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் வர வேண்டும். அளந்துகொண்டிருக்கும்போதே ஐஸ் உள்ளே கிடந்தால் உருகத் தொடங்கிவிடும். அளப்பவரின் வேகத்தைப் பொறுத்துத் தண்ணீரின் அளவும் மாறும்.

பழச்சாறு, முட்டை, பாலேடு உள்ள பானங்களைக் குலுக்க வேண்டும். மார்டினி, மன்ஹாட்டன் போல மது வகைகள் மட்டுமே கலந்தவற்றை நீண்ட கரண்டியால் கலக்க வேண்டும். குலுக்கும்போது காற்று கலந்து பானம் கொஞ்சம் மங்கி, நுரைத்து, வாயில் இலேசாகும். சாறு உள்ள பானத்துக்கு அது பொருந்தும். தெளிவாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டிய மார்டினியை அது கெடுக்கும்.

டைக்கிரியைப் பெரிய கட்டிகளாக உள்ள ஐஸ் நிரப்பி 10 முதல் 12 விநாடி வலுவாகக் குலுக்கினால் அது பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே போகும். மதுவும் சர்க்கரையும் இருப்பதால் அந்தக் குளிரிலும் உறையாது. இந்தக் குளிர்ச்சி ஐஸ் உருகுவதால் வருவது. உருகுவதற்குத் தேவையான வெப்பத்தை ஐஸ் பானத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் சேராமல் பானத்தை ஐஸால் இவ்வளவு குளிர வைக்க முடியாது. ஷேக்கருக்குள் போனது 105 மில்லி; வெளியே வருவது ஏறத்தாழ 155 மில்லி. கூடுதலாக வந்த 50 மில்லியும் தண்ணீர். 40 சதவீத ரம்மில் தொடங்கிய பானம் இப்போது 15 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அந்தத் தண்ணீர் இல்லையென்றால் புளிப்பும் இனிப்பும் நாக்கைக் குத்தும், ரம் தொண்டையை எரிக்கும்.

ஐஸின் நிலையும் கணக்கில் வரும். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ் காய்ந்து, விரலில் ஒட்டும். மேசைமேல் வாளியில் வெகுநேரம் கிடந்த ஐஸின் மேல் தண்ணீர் படிந்திருக்கும். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே உருகி முடிந்தது; பானத்தைக் குளிர வைக்காமல் நீர்க்கச் செய்ய மட்டுமே அதற்குத் தெரியும். ஈர ஐஸை வடிகட்டியபின் போடுவது சின்ன வேலை, பலன் பெரிது.

பாகு: எடையில் தொடங்கும் ஒழுங்கு

நம் வீட்டு அடுப்பில் அதிரசத்துக்கும் ஜிலேபிக்கும் பாகு காய்ச்சுபவர் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பதம் பார்த்து இறக்குகிறார். தண்ணீர் ஆவியாக ஆவியாகப் பாகு இறுகும். அங்கே அதுதான் வேண்டும். பாரில் வேண்டியது இதற்கு நேர்மாறு. தண்ணீர் துளிகூடக் குறையாமல் சர்க்கரை கரைந்தால் போதும். 500 கிராம் சர்க்கரையும் 500 கிராம் தண்ணீரும் எடைபோட்டு, வெந்நீரில் கலக்கிக் கரைத்து, மூடி ஆறவிட்டால் சுமார் 810 மில்லி பாகு கிடைக்கும். டைக்கிரி ஒன்றுக்கு 20 மில்லி என்றால் நாற்பது பானங்களுக்கு வரும்.

இதையே அடுப்பில் கொதிக்கவிட்டு, பேச்சு மும்முரத்தில் 100 கிராம் தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சரியான பாகில் 20 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை. இதில் 14 கிராம். டம்ளரால் ஒன்றுக்கு ஒன்று அளந்தாலும் பிசகும். சர்க்கரைத் துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒரு டம்ளர் சர்க்கரை ஒரு டம்ளர் தண்ணீரைவிட எடை குறைவு. அந்தப் பாகில் 20 மில்லிக்கு 11 கிராம்தான் தேறும். துகள் பெரிதா பொடியா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். தராசில் வைத்தால் இந்த வம்பு எதுவும் இல்லை.

பார்களில் இன்னொரு பாகும் இருக்கும்: இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த கெட்டிப் பாகு. பானத்தில் தண்ணீரைக் கூட்டாமல் இனிப்பையும் கனத்தையும் தருவதால் ஓல்டு ஃபேஷன்டுக்குப் பலர் இதையே விரும்புகிறார்கள். இதில் 20 மில்லிக்கு ஏறக்குறைய 18 கிராம் சர்க்கரை, அதாவது சாதாரணப் பாகைப்போல ஒன்றரை மடங்கை ஒட்டியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், ஒரே வகைப் புட்டியில் பெயர் எழுதாமல் வைத்திருந்தால் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். சாதாரணப் பாகு 20 மில்லி கேட்கும் குறிப்புக்குக் கெட்டிப் பாகில் 14 மில்லி போதும். குறிப்பில் வெறுமனே 'பாகு 20 மில்லி' என்று எழுதுவதால் பயனில்லை. எந்தப் பாகு என்பதும் சேர்ந்தால்தான் அது அளவு.

தேன், மாதுளை, பாதாம், இஞ்சி ஆகியவற்றிலும் பாகு செய்வதுண்டு. குளிர்ந்த ஷேக்கரில் நேரடியாக ஊற்றிய தேன் அடியில் இறுகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை முதலில் வெந்நீரில் இளக்கித் தேன்பாகாக்குகிறார்கள். மாதுளையில் செய்யும் கிரெனடினும் பாதாமில் செய்யும் ஓர்ஜாவும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இனிப்பில் மாறுபடும். ஒரு நிறுவனத்துப் புட்டி தீர்ந்து வேறொன்று வந்தால் பழைய அளவை அப்படியே ஊற்றாமல் ஒருமுறை கலந்து சுவைபார்க்க வேண்டும்.

சாதாரணப் பாகு குளிர்பெட்டியில் சில வாரங்கள் தாங்கும். சர்க்கரை கூடிய கெட்டிப் பாகில் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைவு என்பதால் அது இன்னும் நாள் தாங்கும். பழம் சேர்ந்த பாகு சீக்கிரம் கெடும். பாகு கலங்குவது, நூல்போல் ஏதாவது மிதப்பது, மூடி திறந்ததும் காற்று சீறுவது, புளித்த வாடை அடிப்பது ஆகியவை கெட்டதன் அடையாளங்கள். புதுப்பாகைப் பழைய பாகின் மேல் ஊற்றி நிரப்புவது பழையதன் கெடுதலைப் புதியதற்குக் கடத்தும் வழி. புட்டியைக் கழுவிக் காயவைத்து, பெயர், விகிதம், செய்த தேதி மூன்றையும் ஒட்டிவிட வேண்டும்.

கார்னிஷ்: மூக்குக்கான பகுதி

கிளாஸின் விளிம்பில் செருகும் எலுமிச்சை வில்லையைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். அழகு அதன் ஒரு பாதி. வாய் பானத்தைத் தொடுமுன் மூக்கு கிளாஸை நெருங்கிவிடுகிறது. அங்கே என்ன மணம் நிற்கிறதோ அது சுவையோடு சேர்ந்துகொள்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டுவது ஓல்டு ஃபேஷன்டில் போடும் ஆரஞ்சுத் தோல். தோலின் நிறமுள்ள மேல்பகுதியில் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகள் எண்ணெய்ப் பைகள். தோல்சீவியால் விரல் நீளத்துக்கு ஒரு பட்டையைச் சீவி, நிறப்பக்கம் பானத்தைப் பார்க்கும்படி கிளாஸுக்கு மேல் பிடித்து மடக்கி அழுத்தினால் எண்ணெய் மெல்லிய தூறலாகத் தெறித்துப் பானத்தின் மேல் படியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூறலைப் பார்க்கலாம். பட்டையைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்தினால் எண்ணெய் மேசைமேல் போகும். வெள்ளைச் சதையையும் சேர்த்துத் தடிமனாகச் சீவினால் மடியாது, கசப்பும் இறங்கும். வாடிய பழத்தின் தோலில் எண்ணெய் குறைவு. ஆக, ஆரஞ்சுத் தோல் என்ற ஒரே வரியை நான்கு பேர் நான்கு விதமாகச் செய்ய இடம் இருக்கிறது.

சில பானங்களில் கார்னிஷ் பெயரையே மாற்றும். மார்டினியில் ஆலிவுக்குப் பதில் ஊறவைத்த சின்ன வெங்காயத்தைப் போட்டால் அது கிப்சன். மார்கரிட்டாவின் விளிம்பில் பூசும் உப்பு ஒவ்வொரு வாயிலும் பானத்தின் சுவையை மாற்றுவதால், வேண்டியவர் உப்புப் பக்கமும் வேண்டாதவர் மறுபக்கமும் குடிக்கட்டும் என்று பாதி விளிம்புக்கு மட்டும் பூசுவார்கள். புதினாவை உள்ளங்கையில் ஒருமுறை தட்டினால் மணம் எழும். கசக்கினால் கறுத்துக் கசக்கும்.

டைக்கிரிக்கு ஒரு மெல்லிய எலுமிச்சை வில்லை, அல்லது எதுவுமே இல்லாமல். வில்லையைச் செருகுவது என்றால் எவ்வளவு தடிமன், விளிம்பிலா மிதக்கவா என்று எழுதிவைக்க வேண்டும். விளிம்பில் பருமனான துண்டு இருந்தால் குடிப்பவர் அதைப் பிழிந்துகொள்வார். கவனமாக அளந்த 25 மில்லி சாறு அங்கேயே கணக்கு தப்பிவிடும்.

கைக்குக் கை மாறாமல்

மணற்கடிகாரம் போல் இரண்டு கிண்ணங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய ஜிகர் என்ற அளவைதான் முதல் கருவி. அது கையில் இருந்தும் பிழை வரக் காரணம், கிண்ணத்தின் வாய் அகலம். வாய் 4 சென்டிமீட்டர் அகலமானால் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்தும்போது 2.5 மில்லி குறையும். ரம்மில் அது பெரிதல்ல; 20 மில்லி பாகில் எட்டில் ஒரு பங்கு. வாய் 3 சென்டிமீட்டராகக் குறுகிய உயர ஜிகரில் இதே கவனக்குறைவுக்கு 1.4 மில்லிதான் போகும். பாரில் எல்லாரும் ஒரே வகை ஜிகரைப் பயன்படுத்துவதும், அதைச் சாய்க்காமல் விளிம்புவரை நிரப்புவதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். பிட்டர்ஸ் புட்டியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. புட்டி நிறைந்திருக்கும்போது ஓர் உதறலில் விழும் அளவும், தீரப்போகும்போது விழும் அளவும் ஒன்றல்ல. அதனால் சிலர் சொட்டுக்குழாய் உள்ள புட்டிக்கு மாற்றி, சொட்டு எண்ணிக்கையில் குறிப்பு எழுதுகிறார்கள்.

அடுத்தது குறிப்பட்டை. பொருளும் அளவும் மட்டும் எழுதிய அட்டை போதாது. எந்த ரம், எந்த விகிதப் பாகு, எந்த ஐஸ், குலுக்க எத்தனை விநாடி, எந்த கிளாஸ், அது குளிரவைத்ததா, கார்னிஷ் என்ன என்று ஒரு பானத்துக்கு ஆறேழு வரிகள் வேண்டும். ரம்மின் பெயர் அவசியம். உலகில் பல ரம்கள் 40 சதவீதம். இந்தியாவில் தயாராகும் மதுவகைகளில் பல 42.8 சதவீதம். அதே 60 மில்லியில் சாராயச் சத்து கொஞ்சம் கூடும், பானமும் சற்றுக் காரமாகும்.

இதை ஒரு நிகழ்வில் பார்க்கலாம். ஒரு பாரில் முன்மாலை முறையிலும் இரவு முறையிலும் இரண்டு பார்டெண்டர்கள். இரவில் கிடைக்கும் டைக்கிரி திகட்டுகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். இரவுப் பார்டெண்டர் செய்யக்கூடிய தவறு, தானாகவே 5 மில்லி சாற்றைக் கூட்டிவிடுவது. அன்றைக்குச் சமாளித்துவிடலாம், ஆனால் காரணம் அப்படியே இருக்கும், அட்டைக்கும் கிளாஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

சரியான வழி, இருவரையும் ஒரே புட்டிகளிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே வகை கிளாஸில் கலக்கச் சொல்வது. முதலில் பார்க்க வேண்டியது பானம் கிளாஸில் எந்த உயரத்துக்கு நிற்கிறது என்பதை. பார்டெண்டர்கள் இதை வாஷ்லைன் என்பார்கள். ஒருவர் கிளாஸில் விளிம்பை ஒட்டியும் மற்றவர் கிளாஸில் ஒரு விரற்கடை கீழேயும் நின்றால், இரண்டாமவர் குறைவாக அளந்தார் அல்லது குறைவாகக் குலுக்கினார். எது என்பதைக் குளிர்ச்சி சொல்லும். ஆறு விநாடியில் நிறுத்தியவரின் பானம் நாக்கில் அவ்வளவு குளிராது, தண்ணீர் குறைந்ததால் இனிப்பும் மதுவும் முந்தி நிற்கும். குளிர்ச்சி சரியாக இருந்து உயரம் மட்டும் குறைந்தால் ஜிகரைச் சந்தேகிக்க வேண்டும்.

இருவரின் பானமும் உயரத்திலும் சுவையிலும் ஒத்துப்போனால் பிழை கைகளில் இல்லை, புட்டிகளில் இருக்கிறது. இந்த நிகழ்வில் அப்படித்தான் என்று கொள்வோம். இரவு முறையின் பாகுப் புட்டியைத் தேடினால், ஓல்டு ஃபேஷன்டுக்காகச் செய்த கெட்டிப் பாகு ஒட்டுச்சீட்டு இல்லாமல் டைக்கிரிக்கான இடத்தில் நிற்கிறது. இரவு முழுக்க ஒவ்வொரு கிளாஸிலும் 12 கிராமுக்குப் பதில் 18 கிராம் சர்க்கரை போயிருக்கிறது. புட்டியில் பெயரும் விகிதமும் ஒட்டி, இரண்டு பாகுகளுக்கும் வேறு வேறு வடிவப் புட்டிகள் ஒதுக்கினால் சிக்கல் முடிந்தது. அட்டையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

கூட்டம் மிகும் இரவுகளுக்குச் சில பார்கள் முன்கூட்டியே கலந்து வைக்கின்றன. பத்து டைக்கிரிக்கு 600 மில்லி ரம், 250 மில்லி சாறு, 200 மில்லி பாகு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 105 மில்லி எடுத்துக் குலுக்கினால் மூன்று முறை அளக்கும் இடத்தில் ஒருமுறைதான் அளக்க வேண்டும். பிழைக்கும் இடம் சுருங்கும். சாறு சேர்ந்த கலவையை அன்றிரவுக்கு மேல் வைக்கக் கூடாது. பிழிந்த சாறு நேரமாக ஆகப் புதுமணத்தை இழந்து மந்தமாகும். மது மட்டுமே உள்ள கலவைகள் நாள்பட நிற்கும்.

எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் முழுமையாக அடங்காத பொருள் எலுமிச்சை. பழுத்ததும் பழுக்காததும், முதல்நாள் வந்ததும் நாலு நாள் கிடந்ததும் புளிப்பில் மாறுபடும். 'ஒரு பழத்தின் சாறு' என்ற குறிப்பு எப்போதும் ஏமாற்றும். சின்னப் பழம் 15 மில்லியும் பெரிய பழம் 30 மில்லியும் தரலாம். மில்லியில் அளந்தால் அளவு நிலைக்கும், புளிப்பு நிலைக்காது. அதனால் அன்றைய சாற்றைப் பிழிந்து கலந்ததும் பொறுப்பாளர் ஒரு டைக்கிரி போட்டுச் சுவைபார்க்கிறார். புளிப்பு குறைவாகத் தெரிந்தால் அன்றைக்கு மட்டும் சாறு 27 மில்லி என்று பலகையில் எழுதி, இரு முறைக்காரர்களும் அதையே பின்பற்ற வேண்டும். மாற்றம் ஒருவர் கையோடு நிற்காமல் எல்லார் கைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்போது, பழம் மாறினாலும் பானம் மாறுவதில்லை.